படத்துக்கு வெளியே எழுதியது

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. அது ஸ்டுடியோவின் மின்கட்டண ரசீதோடு சரி. கடைத்தெருவில் அவரை எல்லோரும் ‘சிரிங்க சார்’ என்றுதான் சொல்வார்கள். கேமராவைக் கண்ணில் வைத்ததும் வாயில் வரும் முதல் வார்த்தை அது. கல்யாண மாப்பிள்ளைக்கும் அதே உத்தரவு, பல் முளைக்காத குழந்தைக்கும் அதே உத்தரவு. பாஸ்போர்ட் படத்தில் சிரிக்கக் கூடாது என்று விதி வந்தபோது மனுஷர் ரொம்பத்தான் தவித்துப் போனார். சொல்கிறவர் முகத்தில் மட்டும் யாரும் சிரிப்பைப் பார்த்ததில்லை.

ஃபிலிம் காலத்தில் தொழிலுக்கு வந்தவர். ஃபிலிம் போய் டிஜிட்டல் வந்ததும் பலர் கடையை மூடிவிட்டு வேறு வேலைக்குப் போனார்கள். இவர் ஒரு ஸ்கேனரை வாங்கிப் போட்டார். பழைய ஆல்பங்களை ஸ்கேன் செய்து கொடுப்பது, கிழிந்த படத்தை ஒட்டவைப்பது, நிரம்பி வழிகிற போனிலிருந்து படங்களை டிஸ்கில் ஏற்றித் தருவது என்று வண்டி ஓடியது. ஆளும் படு சுத்தம். மேஜைமேல் ஒரு பேனா கோணலாக இருந்தால்கூட அவருக்குப் பேச்சு வராது. கம்ப்யூட்டரிலும் அதே கதைதான். வாடிக்கையாளரின் போனில் மங்கிய படம், இரட்டைப் படம், யாரோ அனுப்பிய காலை வணக்கம் எதையும் விட்டுவைக்க மாட்டார். “குப்பையை எடுத்துட்டேங்க, பாதி இடம் காலி” என்று சொல்லிக் கொடுப்பதில் அவருக்கு ஒரு திருப்தி. இந்தச் சுத்தம்தான் அவரைக் கவிழ்த்தது.

மனைவி அவருக்கு நேரெதிர். எதையும் தூக்கிப் போடமாட்டாள். அவரைப் போலப் பேச்சைச் சுருக்கவும் தெரியாது. ஒரு படத்தைப் பார்த்தால் அன்றைக்கு மழை பெய்ததா, யார் யாரோடு பேசாமல் இருந்தார்கள், அந்தச் சட்டை யாருடையது என்று வரிசையாக எடுத்துவிடுவாள். அவர் “ம்” கொட்டுவார். “நான் இங்க கதை சொல்றேன், நீங்க லைட்டைப் பார்த்துக்கிட்டு இருக்கீங்க” என்பாள். உண்மையிலேயே அவர் படத்தில் வெளிச்சத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

வீட்டில் சும்மா கிடந்த நெகட்டிவ்களையெல்லாம் ஒரு வருஷம் அவர் சுருள் சுருளாக ஸ்கேன் செய்தார். அவற்றையும் டிஜிட்டல் கேமராவில் எடுத்த வீட்டுப் படங்களையும் மனைவியின் இணையக் கணக்கில் ஏற்றிக் கொடுத்தார். எந்தப் போனிலும் பார்க்கலாம், இடமும் தாராளமாக இருந்தது. அதோடு அவர் வேலை முடிந்தது, அவள் வேலை தொடங்கியது. ஸ்கேன் செய்த படத்துக்கு ஸ்கேன் செய்த நாள்தான் தேதியாக விழும். அவள் ஒவ்வொன்றாகத் திறந்து, அது எடுத்த வருஷத்தையும் மாதத்தையும் யோசித்து யோசித்து மாற்றினாள். அப்புறம் படத்தை விரலால் மேலே தள்ளினால் அடியில் விவரம் எழுத ஓர் இடம் வருமே, அங்கே எழுத ஆரம்பித்தாள். மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனோடு உட்கார்ந்துவிடுவாள்.

“என்ன எழுதிக்கிட்டே இருக்கே?” என்று ஒருநாள் கேட்டார்.

“படிச்சுப் பாருங்க.”

“பார்க்கறேன், பார்க்கறேன். கொஞ்சம் வேலை ஒழியட்டும்.”

வேலை ஒழியவே இல்லை. அவள்தான் போய்ச் சேர்ந்தாள். நெஞ்சில் வலி என்று சொல்லி ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனவள், திரும்பி வரவில்லை.

அவள் போனபின் அவரைப் படுத்தியது அவளுடைய போன்தான். அவள் கணக்கு நிரம்பிவிட்டது, இடம் போதவில்லை என்று தினமும் எச்சரிக்கை வரும். துணிக்கடையிலிருந்து அவள் பெயர் போட்டுத் தள்ளுபடி வரும். பிறந்த நாளன்று ஏழெட்டு இடங்களிலிருந்து ‘இன்று போல் என்றும் நலமுடன் வாழ்க’ என்று வாழ்த்து வந்தது. அன்றைக்கு அவர் கடையைத் திறக்கவில்லை. மறுநாள், கணக்கை மூடிவிடுவது என்று முடிவெடுத்தார். அதற்குமுன் படங்களையெல்லாம் எடுத்துக்கொள்ள வேண்டும். வெளியூரில் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் மகளுக்குப் போன் செய்து சொன்னார்.

“எல்லாத்தையும் இறக்கி நம்ம டிஸ்க்ல வச்சுக்கறேன் பாப்பா. நம்ம படம் நம்ம வீட்ல இருக்கறதுதான் நல்லது.”

“சரிப்பா. எல்லாம் வந்துடுச்சான்னு பார்த்துக்கங்க.”

“எனக்கேவா?” என்றார்.

அந்தக் கணக்கைத் தரும் கம்பெனியில், நம்முடைய எல்லாவற்றையும் மொத்தமாகக் கட்டித் தரச் சொல்லிக் கேட்க ஒரு பக்கம் இருக்கிறது. எது எது வேண்டும், மூட்டை எந்த அளவில் இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். படங்கள் மட்டும் போதும் என்று தட்டினார். உடனே வந்துவிடாது, தயாரானதும் மின்னஞ்சல் வரும் என்றது. வந்தது. சில நாளுக்குள் இறக்கிக்கொள்ளாவிட்டால் இணைப்பு காலாவதியாகிவிடும் என்றும் அதில் போட்டிருந்தது. ஒரே மூட்டையாக இல்லாமல் பல துண்டுகளாகச் சுருட்டி வைத்திருந்தார்கள். கடைக் கம்ப்யூட்டரில் எல்லாத் துண்டையும் இறக்கி, பிரித்துக் கொட்டினார்.

கொட்டியதைப் பார்த்ததும் அவருக்கு முகம் சுளித்தது. படங்கள் வருஷவாரியாகப் பெட்டி பெட்டியாக இருந்தன. ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் அதே பெயரில் இன்னொரு பொடிக் கோப்பு, ‘ஜேசன்’ என்று வால் வைத்துக்கொண்டு. சில இடத்தில் படம் மட்டும் இருந்தது, ஜேசன் இல்லை. இன்னோர் இடத்தில் ஜேசன் இருந்தது, படம் வேறு துண்டில் கிடந்தது. கல்யாண வீட்டில் செருப்புகள் கலைந்து கிடக்கிற மாதிரி இருந்தது.

கண்ணை மூடிக்கொண்டு அழிக்கிற ஆள் இல்லை அவர். சோதித்துத்தான் பார்த்தார். தன் டிஜிட்டல் கேமராவில் எடுத்த படம் ஒன்றைத் திறந்து, உள்ளே இருக்கும் விவரத்தைப் பார்த்தார். எடுத்த நாள், நேரம், ஷட்டர், லென்ஸ் திறப்பு எல்லாம் படத்துக்குள்ளேயே பத்திரமாக இருந்தன. அதன் ஜேசனைத் திறந்தார். அடைப்புக்குறிகளுக்கு நடுவே படத்தின் பெயர், எடுத்த நேரம், இடம். விவரம் என்ற வரிக்கு எதிரே வெறும் மேற்கோள் குறிகள், நடுவில் ஒன்றுமில்லை. இன்னும் ஓரிரண்டைப் பார்த்தார். அவையும் அப்படியே. எல்லாம் அவர் கேமராவில் எடுத்த புதிய படங்கள். அவள் எழுதியதெல்லாம் பழைய ஸ்கேன் படங்களில் என்பது அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றவே இல்லை.

படத்தின் சங்கதியெல்லாம் படத்துக்குள்ளேயே இருக்கும் என்பது கேமராக்காரனுக்கு அரிச்சுவடி. கேமராவே எழுதி வைத்துவிடுகிறது. வேறு ஆளாக இருந்தால் இது என்னவோ என்று பயந்தாவது வைத்திருப்பான். இவருக்குத் தெரிந்திருந்தது, அதனால்தான் கெட்டார். கம்பெனிக்காரன் ஒரே விஷயத்தை இரண்டு தடவை அனுப்பியிருக்கிறான் என்று நினைத்து, ஜேசன் அத்தனையையும் ஒரே பிடியில் தேர்ந்தெடுத்து அழித்தார். குப்பைத் தொட்டியையும் காலி செய்தார். படங்களை ஒரே பெட்டியில் அடுக்கி இரண்டு வெளி டிஸ்கில் ஏற்றினார். பிரித்தாகிவிட்டதே என்று மூட்டைகளையும் அழித்தார். அப்புறம் கணக்கைத் திறந்து, ‘நிரந்தரமாக நீக்கு’ என்ற இடத்தில் நிதானமாகத் தட்டினார். நிஜமாகத்தான் கேட்கிறாயா என்று அது திரும்பத் திரும்பக் கேட்டது. ஆமாம், ஆமாம் என்றார். வாழ்த்துகள் நின்றன.

லீவு கிடைத்து மகள் வந்தபோது அதெல்லாம் பழைய செய்தியாகிவிட்டது. வந்த அன்று மத்தியானம் டிஸ்கைத் தன் மடிக்கணினியில் மாட்டிக்கொண்டு அம்மா படம் பார்க்க உட்கார்ந்தாள். அவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, படங்கள் எவ்வளவு துல்லியமாக இருக்கின்றன என்று அவள் சொல்வாள் எனக் காத்திருந்தார்.

“என்னப்பா இது, நான் பொறந்ததும் காலேஜ் போனதும் ஒரே மாசத்துல இருக்கு?”

“அது ஸ்கேன் பண்ணின தேதிம்மா. ஸ்கேனர் அப்படித்தான் போடும்.”

“அம்மா எல்லாத்தையும் மாத்தி வச்சாங்களே. ஒவ்வொண்ணுக்கும் வருஷம் கேட்டு எனக்கு எத்தனை போன் பண்ணியிருப்பாங்க!” அவள் இன்னொரு படத்தைத் திறந்தாள், விவரத்தைத் தேடினாள். இன்னொன்றைத் திறந்தாள். குரல் மாறிவிட்டது. “அப்பா, அம்மா எழுதினதெல்லாம் எங்க?”

“எழுதினது படத்தோடதானே வரும்?”

“கூட வேற ஃபைல் ஏதாவது வந்துச்சா?”

அந்த நொடியில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. யாரும் விளக்கத் தேவை இருக்கவில்லை, அவர் தொழிலே விளக்கியது. ஃபிலிம் காலத்தில் நெகட்டிவ்மேல் எவனாவது பேனாவை வைப்பானா? வாடிக்கையாளர் பெயர், நாள், இந்த முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கு என்பது எல்லாம் நெகட்டிவ் போட்டு வைக்கும் காகித உறைமேல்தான் எழுதுவது. கம்பெனிக்காரனும் அதைத்தான் செய்திருக்கிறான். ஏற்றிய படத்தை அவன் தொடவில்லை, ஒரு புள்ளிகூட மாற்றாமல் அப்படியே வைத்திருந்தான். அவள் மாற்றிய தேதி, எழுதிய வரிகள், குறித்த இடம் எல்லாம் அவன் தன் பதிவேட்டில் தனியாக வைத்திருந்தான். கேட்டதும் படத்தைப் படமாகவும், பதிவைத் தனிக் கோப்பாகவும் கொடுத்துவிட்டான். வாழ்நாளெல்லாம் உறையைத் தொலைத்த உதவியாளர்களைத் திட்டித் தீர்த்தவர், கடைசியில் தன் வீட்டு நெகட்டிவ்களின் உறைகளைத் தன் கையாலேயே கிழித்துப் போட்டிருந்தார்.

“அழிச்சுட்டேன் பாப்பா” என்றார். “குப்பைன்னு நினைச்சேன்.”

மகள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும். உங்களுக்குத் தெரியாதது இல்லைன்னு விட்டுட்டேன்” என்று சொல்லிவிட்டு எழுந்துபோய் முகம் கழுவினாள்.

கடைக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவர் ஒருவர் இருக்கிறார். எதைக் கொண்டுபோனாலும் முதலில் மதர்போர்டைக் குறை சொல்வதால் அவருக்கு ‘மதர்போர்டு’ என்றே பெயர். இருவரும் அவரிடம் ஓடினார்கள். அவர் கடைக் கம்ப்யூட்டரை எடுத்து மேஜையில் வைத்து, அழிந்ததை மீட்கும் மென்பொருளை ஓடவிட்டார். சாயந்தரம்வரை ஓடியது.

“பழைய சுத்துற டிஸ்கா இருந்தா கொஞ்சமாச்சும் தேறியிருக்கும்ணே” என்றார். “இது புது மாதிரி. அழிச்சுட்டேன்னு சொன்னா, அந்த இடத்தை இதுவே உள்ளுக்குள்ள துடைச்சு வச்சிடும். ஒண்ணும் மிஞ்சாது.”

“வெளி டிஸ்க்?”

“அதுல நீங்க ஜேசனை ஏத்தவே இல்லையே.”

கம்பெனிக்கு எழுதிப் பார்த்தார்கள். மூடிய கணக்கைத் திரும்பத் திறக்கக் கொஞ்ச காலம்தான் அவகாசம், அது தாண்டிவிட்டது என்று மரியாதையாகப் பதில் வந்தது. இறக்கிக்கொள்ளக் கொடுத்த இணைப்பு அதற்கும் முன்பே செத்திருந்தது. யாரையும் குறை சொல்ல வழியில்லை. கேட்டதை அவர்கள் ஒழுங்காகக் கொடுத்திருந்தார்கள், இவர்தான் வாங்கிக்கொள்ளத் தெரியாமல் வாங்கினார். சிரிங்க சார் அந்த வாரம் முழுக்க யாரையும் சிரிக்கச் சொல்லவில்லை. பாஸ்போர்ட் படத்துக்கு வந்த அம்மாள் ஒருத்தி, “என்ன சார், உடம்பு சரியில்லையா?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மகள் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் காலை, டீ குடிக்கும்போது கேட்டாள். “அப்பா, அந்த லிங்க்கை முதல்ல கடையிலதான் திறந்தீங்களா?”

அவர் யோசித்தார். மின்னஞ்சல் வந்தபோது வீட்டில்தான் இருந்தார். மனைவியின் பழைய மடிக்கணினியில் ஏதோ ஒரு துண்டைத் தட்டி இறக்கிப் பார்த்தார். வீட்டு இணையம் நகரவில்லை. இறங்கிய ஒன்றையும் எட்டிப் பார்த்தால் சில படங்களும் ஏகப்பட்ட பொடிக் கோப்புகளும்தான் இருந்தன. இது சரிப்படாது என்று மூடிவிட்டுக் கடைக்குப் போனார். அந்த மடிக்கணினி அலமாரியில், அவள் புடவைகளுக்குக் கீழே இருந்தது. அதைத் துடைத்து வைக்க மட்டும் அவருக்கு இன்னும் மனம் வந்திருக்கவில்லை.

சார்ஜரை மாட்டி அது உயிர் பெறும்வரை இருவரும் நின்றுகொண்டே இருந்தார்கள். இறக்கியவை கிடக்கும் பெட்டியில் அந்த ஒற்றைத் துண்டு இருந்தது. மகள் முதலில் அதை மூன்று இடத்தில் பிரதி எடுத்தாள். அப்புறம்தான் பிரித்தாள்.

படங்கள் சொற்பம். ஜேசன் ஏராளம். பலவும் விவரம் இல்லாமல் வெற்றாக இருந்தன. எழுதியிருந்தவற்றை மகள் ஒவ்வொன்றாக வாசித்தாள், அவர் கோப்பின் பெயரைப் பார்த்துத் தன் டிஸ்கிலிருந்து அதன் படத்தை எடுத்துக் காட்டினார்.

“‘இந்தப் படத்தை எடுக்கறேன்னு இவர் தண்ணித் தொட்டி மேல ஏறினார். ஏறத் தெரிஞ்சுது, இறங்கத் தெரியல. பக்கத்து வீட்டு ஏணியை வாங்கிட்டு வந்து இறக்கினோம்.’”

படத்தில் தெருவும் பிள்ளைகளும் மட்டும் இருந்தார்கள்.

“‘பாப்பாவுக்குக் காய்ச்சல். இவர் கல்யாண ஆர்டரை விட்டுட்டு வந்துட்டார். வந்தவர் மடியில வச்சுக்கத் தெரியாம, கேமராவை எடுத்துக்கிட்டார்.’”

முப்பது வருஷப் படங்களில் அவர் ஒன்றிலும் இல்லை, எப்போதும் கேமராவுக்குப் பின்னால்தான் இருந்தார். அவள் எழுதியதில்தான் அவர் இருந்திருக்கிறார். தண்ணித் தொட்டிமேல் நின்றிருக்கிறார், காய்ச்சல் பிள்ளைக்கு முன் திணறியிருக்கிறார். அந்த எழுத்தோடு தன்னையும் தானே துடைத்துப் போட்டுவிட்டார். அதைவிட, அவள் பக்கத்து அறையில் உட்கார்ந்து இதையெல்லாம் எழுதியபோது, எழுந்து போய் ஒருதரம் படித்திருந்தால் அவள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கத்தான் முடியவில்லை.

“இது கொஞ்சம் பெருசா இருக்குப்பா” என்று மகள் அடுத்ததைத் திறந்தாள். மலைமேல் ஒரு பூங்கா, பெஞ்சில் மனைவி, சிரித்தபடி. அவருக்கு அந்தப் படம் நன்றாகத் தெரியும். பக்கவாட்டு வெளிச்சம் அபாரமாக விழுந்த படம். பெரிதாக்கி ஸ்டுடியோ சுவரில் மாட்டியிருந்தார்.

மகள் வாசித்தாள்.

“‘இதை எடுக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் எங்களுக்குள்ள பெரிய சண்டை. ஊர் திரும்பினதும் பாப்பாவைத் தூக்கிக்கிட்டு அம்மா வீட்டுக்கே போயிடறது, இனி இந்த மனுஷனோட வாழறதில்லைன்னு முடிவு பண்ணிட்டுத்தான் இந்த பெஞ்சுல உட்கார்ந்திருக்கேன். யாருக்கும் சொன்னதில்லை. அப்புறம் ஏன் போகலைங்கறதை அடுத்த படத்துல எழுதியிருக்கேன்.’”

மகள் கை அடுத்த கோப்புக்குப் போனது. எண் தாவியிருந்தது. அடுத்த படத்தின் ஜேசன் அந்தத் துண்டில் இல்லை. அது கடையில் இறக்கிய வேறொரு துண்டில் வந்திருக்க வேண்டும்.

அடுத்த படம் மட்டும் அவரிடம் இருந்தது. சுருள் வரிசையில் அவரே ஸ்கேன் செய்தது. திறந்தார். அதே பெஞ்ச், மடியில் மகள், மனைவி கண்ணுக்குமேல் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு அவரைப் பார்த்து ஏதோ சொல்கிறாள். வாய் பாதி திறந்திருக்கிறது. அவர் அதைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். ஃபிலிமின் மணல் மணலான புள்ளிகள் தெரியும்வரை பெரிதாக்கினார்.

“அம்மா இதுல என்னப்பா சொல்றாங்க?”

“ஞாபகமில்லம்மா.”

“சண்டை எதுக்கு?”

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

“சண்டை போட்டதே எனக்கு ஞாபகமில்ல பாப்பா.”